ஒரு கோடி ரூபாய் எத்தனை ஆண்டு வரும்?

கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கராக இருந்து 60 வயதில் ஓய்வு பெறுகிறார் கமலா. பெயர் கற்பனை, கணக்கு நிஜம். பி.எஃப்., கிராஜுவிட்டி, சேமிப்பு எல்லாம் சேர்த்து அவர் கையில் ஒரு கோடி ரூபாய் இருக்கிறது. வீட்டுச் செலவு மாதம் 50,000. வங்கி வைப்பில் போட்டால் 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 7 லட்சம், அதாவது மாதம் 58,000க்குச் சற்று மேல். செலவு போக மிச்சமும் இருக்கிறது, அசலைத் தொடவே வேண்டாம். உறவினர்களும் அப்படித்தான் சொல்வார்கள்: “வட்டியிலேயே காலம் ஓடிவிடும்.”

முதல் நான்கு ஆண்டுகளுக்கு அது உண்மைதான். செலவு ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது, அந்தந்த ஆண்டுச் செலவை ஆண்டின் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்கிறார் என்று வைத்தால், நான்காம் ஆண்டு முடிவிலும் பாஸ்புக்கில் ஒரு கோடி குறையாமல் நிற்கும். ஐந்தாம் ஆண்டில்தான் முதன்முறையாக அசல் சற்றுக் கரையும். பத்தாம் ஆண்டு முடிவிலும் 83 லட்சத்துக்கு மேல் இருக்கும். பார்ப்பவருக்குக் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த 83 லட்சம் இன்னும் எட்டே ஆண்டுகளில் தீர்ந்துவிடும். கமலாவுக்கு அப்போது வயது 78. வட்டிக்கு வரி உண்டென்றால் அதற்கு முன்பே தீரும்.

பணம் மெதுவாகத் தேய்ந்து தீர்வதில்லை. நெடுநாள் அசையாமல் நின்றுவிட்டுக் கடைசியில் சரிகிறது. எச்சரிக்கை கண்ணுக்குத் தெரியும் வயதில் திரும்ப வேலைக்குப் போக முடியாது. அதனால்தான் ஓய்வு நிதி, அதாவது நிதி ஆலோசகர்கள் கார்ப்பஸ் என்று சொல்லும் அந்த மொத்தத் தொகை, எவ்வளவு வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கில் தெரியாதவை பல. விலைவாசி எவ்வளவு ஏறும், முதலீடு எவ்வளவு தரும், எத்தனை ஆண்டு வாழ்வோம் என்பது எதுவும் தெரியாது. இவற்றை ஒவ்வொன்றாக அவிழ்ப்போம்.

இன்றைய ரூபாயில் எண்ணுதல்

விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் செலவு 12 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கும். 60 வயதில் மாதம் 50,000 என்றால் 72 வயதில் ஒரு லட்சம், 84 வயதில் இரண்டு லட்சம். இந்த எண்களைக் கேட்டவுடன் மனம் மிரள்கிறது. மிரளத் தேவையில்லை. 84 வயதில் கொடுக்கும் இரண்டு லட்சம் இன்றைய 50,000 வாங்கும் அதே அரிசியையும் மருந்தையும்தான் வாங்கும். ஆகவே வருங்காலத் தொகைகளையெல்லாம் இன்றைய ரூபாய்க்கு மாற்றி எண்ணுவது நல்லது. அப்படி எண்ணினால் செலவு என்றும் மாதம் 50,000தான், ஆண்டுக்கு 6 லட்சம்தான்.

ஆனால் செலவை இப்படி மாற்றினால் வருவாயையும் மாற்றியே ஆக வேண்டும். வங்கி தரும் 7 சதவீதத்தில் பெரும்பகுதி விலைவாசி தின்றதை ஈடுகட்டத்தான் போகிறது. அதற்குப் பிறகு எஞ்சுவதைப் பொருளியலில் உண்மை வருவாய் என்பார்கள். வருவாய் 7, பணவீக்கம் 6 என்றால் உண்மை வருவாய் ஏறக்குறைய 1 சதவீதம். இரண்டும் 6 என்றால் உண்மை வருவாய் சுழியம். வரி கட்டிய பிறகு கையில் நிற்பதைத்தான் வருவாய் என்று கொள்ள வேண்டும். இதை மறந்துவிட்டுக் கணக்குப் போடுபவர்கள் மிகுதி.

இந்த ஒரு மாற்றத்தால் கணக்கு எளிமையாகிவிடுகிறது. கமலா 90 வயது வரை, அதாவது 30 ஆண்டுகளுக்குத் திட்டமிடுகிறார். 90 மிகை என்று தோன்றலாம். ஆனால் செய்தித்தாளில் வரும் சராசரி ஆயுள் பிறக்கும் குழந்தைக்கானது. 60ஐத் தாண்டியவர் குழந்தைப் பருவத்து நோய்களையும் நடுவயதின் விபத்துகளையும் ஏற்கெனவே கடந்துவிட்டவர், அவருடைய எதிர்பார்ப்பு வேறு. கணவன் மனைவி இருவர் என்றால், இருவரில் ஒருவராவது நெடுநாள் வாழும் வாய்ப்பு இன்னும் கூடுதல்.

உண்மை வருவாய் சுழியமாக இருந்தால் கணக்கு வெறும் பெருக்கல்: 30 முறை 6 லட்சம், ஆக 1.8 கோடி. இது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய எண், பின்னால் தேவைப்படும். பணத்தின் ஒரு பகுதியை மியூச்சுவல் ஃபண்ட் வழியாகப் பங்குகளில் வைத்து, சராசரியாக 8 சதவீதம் ஈட்டினால் உண்மை வருவாய் 1.9 சதவீதம். இப்போது தேவை 1.39 கோடி. சராசரி 10 சதவீதம் என்று நம்பினால் 1.11 கோடி போதும்.

பணவீக்கத்தை மட்டும் 6இலிருந்து 7 ஆக்கி, வருவாயை 8இலேயே விட்டால் 1.39 கோடி 1.58 கோடியாக ஏறிவிடுகிறது. ஒரே ஒரு சதவீதத்துக்கு 19 லட்சம். இந்தியாவின் நுகர்வோர் விலைப் பணவீக்கம் 2010இல் 12 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2025 அக்டோபரில் அது 0.25 சதவீதம். ரிசர்வ் வங்கி 2016 முதல் 4 சதவீதத்தை இலக்காகக் கொண்டு, மேலும் கீழும் இரண்டு விட்டுக் கட்டுப்படுத்த முயல்கிறது. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு யாரும் உறுதி தர முடியாது. அகவிலைப்படியோடு கூடிய பழைய அரசு ஓய்வூதியத்தின் அருமை இங்கேதான் இருக்கிறது. விலைவாசி எவ்வளவு ஏறும் என்ற கவலையை அரசே சுமந்துகொள்கிறது. தமிழக அரசுப் பணியில் 2003 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்கள் புதிய பங்களிப்புத் திட்டத்தை இத்தனை ஆண்டுகளாக எதிர்த்ததன் பொருளியல் காரணமும் அதுதான்.

ஒரே வருவாய், இரண்டு முடிவுகள்

இதுவரை போட்டதெல்லாம் இணையத்தில் கிடைக்கும் எந்தக் கால்குலேட்டரும் போட்டுத்தரும் கணக்கு. அது 1.39 கோடி என்று சொல்லும். அதை நம்பி ஓய்வு பெறலாமா?

கமலாவைப் போலவே அவருடைய தோழி விமலாவும் வேறொரு காலத்தில் ஓய்வு பெறுகிறார் என்று கொள்வோம். இருவரிடமும் சரியாக 1.39 கோடி. இருவருக்கும் ஆண்டுச் செலவு இன்றைய ரூபாயில் 6 லட்சம். முப்பது ஆண்டுகளில் 24 ஆண்டுகள் இருவருக்கும் சாதாரணமானவை, 8 சதவீத வருவாய். மூன்று ஆண்டுகள் மோசமானவை, ஒவ்வொன்றிலும் முதலீடு 7 சதவீதம் போல விழுகிறது. விலைவாசியும் ஏறுவதால் இன்றைய ரூபாயில் அது 12 சதவீத இழப்பு. மூன்று ஆண்டுகள் செழிப்பானவை, ஒவ்வொன்றிலும் 25 சதவீத ஏற்றம், இன்றைய ரூபாயில் 18 சதவீதம். முப்பது ஆண்டுச் சராசரி எடுத்தால் இருவருக்கும் அதே 8 சதவீதம்தான். இவற்றில் அதிசயம் ஏதுமில்லை. நிஃப்டி குறியீடு 2008இல் மட்டும் ஏறக்குறைய 52 சதவீதம் விழுந்தது, 2009இல் 76 சதவீதம் ஏறியது.

வேறுபாடு ஒன்றே ஒன்று. கமலாவுக்கு மோசமான மூன்று ஆண்டுகள் முதலில் வருகின்றன, செழிப்பானவை கடைசியில். விமலாவுக்கு நேர் எதிர்.

கமலாவின் கணக்கை இன்றைய ரூபாயில் பார்ப்போம். முதல் ஆண்டு 6 லட்சம் எடுத்ததும் 133 லட்சம் மிஞ்சுகிறது, 12 சதவீதம் சரிந்து 117 ஆகிறது. மறுபடி 6 எடுத்து, மறுபடி சரிந்து 98. மூன்றாம் ஆண்டு முடிவில் 81 லட்சம். அதன்பின் சாதாரண ஆண்டுகள்தான். ஆனாலும் 78 வயதில் பணம் தீர்ந்துவிடுகிறது. கடைசியில் வரவேண்டிய செழிப்பான மூன்று ஆண்டுகள் வரும்போது பெருக அங்கே ஒன்றுமில்லை.

விமலாவின் 133 லட்சம் முதல் ஆண்டு முடிவில் 157 ஆகிறது. அடுத்து 178, அடுத்து 203. பிறகு 24 ஆண்டுகள் செலவு செய்தும், கடைசி மூன்று ஆண்டுகளின் சரிவைத் தாங்கியும், 90 வயதில் இன்றைய மதிப்பில் 78 லட்சம் மீதம் இருக்கிறது. அன்றைய ரூபாயில் அது ஏறக்குறைய நாலரைக் கோடி.

ஒருவேளை இருவருமே ஒரு ரூபாய்கூட எடுக்காமல் விட்டிருந்தால் முப்பது ஆண்டு முடிவில் இருவரிடமும் ஒரே தொகைதான் இருந்திருக்கும். எண்களை எந்த வரிசையில் பெருக்கினாலும் விடை மாறாது. எடுக்கத் தொடங்கியதும் அந்தச் சமன்பாடு குலைந்துவிடுகிறது. விலை விழுந்திருக்கும்போது 6 லட்சம் திரட்ட ஃபண்டின் யூனிட்டுகளைக் கூடுதலாக விற்க வேண்டியிருக்கிறது. விற்றுவிட்ட யூனிட்டுகள் பிறகு சந்தை ஏறும்போது நம்மிடம் இருப்பதில்லை. கமலா தொடக்கத்தில் தன் நிதியில் ஆண்டுக்கு 4.3 சதவீதம் எடுத்தார். மூன்று ஆண்டு கழித்து அதே 6 லட்சம் 7.4 சதவீதமாகிவிட்டது. 1.9 சதவீத உண்மை வருவாயால் அந்த எடுப்பை ஈடுகட்டவே முடியாது. விமலாவுக்கோ அது 3 சதவீதமாக இறங்கிவிட்டது.

இதை வரிசை இடர் என்று சொல்லலாம். வருவாயின் அளவால் அல்ல, அது வரும் வரிசையால் உண்டாகும் ஆபத்து. மாதாமாதம் எஸ்.ஐ.பி. போட்டுச் சேமிக்கும் இளைஞருக்குத் தொடக்கத்தில் வரும் வீழ்ச்சி நல்லது, மலிவாக வாங்குகிறார். ஓய்வு பெற்றவருக்கு அதே வீழ்ச்சி நேர்மாறாக வேலை செய்கிறது. ஓய்வை ஒட்டிய சில ஆண்டுகள்தான் முழுக் கணக்கையும் தீர்மானிக்கின்றன. சராசரியை மட்டும் கேட்கும் கால்குலேட்டர் இதைப் பார்ப்பதேயில்லை.

எப்படித் தெரியும்?

இதை முதலில் முறையாக அளந்து காட்டியவர் கலிஃபோர்னியாவில் நிதி ஆலோசகராக இருந்த வில்லியம் பெங்கன். எம்.ஐ.டி.யில் விமான, விண்வெளிப் பொறியியல் படித்தவர், பிறகு குடும்பத்தின் குளிர்பானத் தொழிலைப் பார்த்தவர். வாடிக்கையாளர்கள் “எவ்வளவு எடுக்கலாம்?” என்று கேட்டபோது நம்பத்தக்க விடை எங்கும் இல்லை. அன்றைய ஆலோசகர்கள் சராசரி வருவாயை வைத்துத்தான் பேசினார்கள். பெங்கன் சராசரியை விட்டுவிட்டு, 1926 முதலான அமெரிக்கப் பங்கு, கடன்பத்திர வருவாயையும் பணவீக்கத்தையும் ஆண்டு ஆண்டாக எடுத்துக்கொண்டார். 1926இல் ஒருவர் ஓய்வு பெற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும், 1927இல் என்றால் என்ன என்று ஒவ்வொருவரின் பணமும் எத்தனை ஆண்டு வந்திருக்கும் என்று பார்த்தார். 1994 அக்டோபரில் வெளியான அவருடைய கட்டுரையின் முடிவு: பாதிக்கு மேல் பங்குகளில் வைத்து, முதல் ஆண்டு நிதியில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டே போனால், மிக மோசமான ஆண்டில் ஓய்வு பெற்றவருக்கும் முப்பது ஆண்டுகள் தாங்கியிருக்கும். ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு வேண்டும் என்று இன்று பலரும் சொல்வது அங்கிருந்து வந்ததுதான்.

அந்த மிக மோசமான ஆண்டு எது என்று கேட்டால் பலரும் 1929 என்பார்கள், பெருவீழ்ச்சி தொடங்கிய ஆண்டு. இல்லை. 1929க்குப் பிறகு அமெரிக்காவில் விலைவாசியே ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. நிதி சுருங்கியபோது செலவும் சுருங்கியதால் அடி தணிந்தது. மிகவும் பாதிக்கப்பட்டவர்கள் 1960களின் பிற்பகுதியில் ஓய்வு பெற்றவர்கள். 1973, 74 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பங்குகள் சரிந்தன. அதே பத்தாண்டில் எண்ணெய் நெருக்கடியால் விலைவாசி பாய்ந்தது. சந்தை விழுந்து நிதியும் குறைந்தது, விலை ஏறி எடுக்க வேண்டிய தொகையும் கூடியது. ஓய்வு பெற்றவரை உண்மையில் சாய்ப்பது இந்த இரண்டும் ஒருசேர வருவதுதான்.

பெங்கனின் 4 சதவீதத்தை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ளலாமா? அது அமெரிக்காவின் நூற்றாண்டு. உலகப் போரில் அழியாத, பொருளாதாரத்தில் முன்னணியில் நின்ற நாட்டின் எண்கள். வேட் ஃபா என்ற ஆய்வாளர் 2010இல் இதே கணக்கை வளர்ந்த நாடுகள் 17க்குப் போட்டுப் பார்த்தபோது, பெரும்பாலான நாடுகளில் 4 சதவீதம் தாங்கவில்லை. ஜப்பானில் நிலைமை மிக மோசம். அந்நாட்டின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை மீண்டும் தாண்ட 2024 பிப்ரவரி வரை ஆனது. 34 ஆண்டுகள், ஒருவரின் முழு ஓய்வுக்காலம்.

இந்தியாவில் பெங்கன் செய்ததைச் செய்ய நம்மிடம் வரலாறு போதாது. சென்செக்ஸின் அடிப்படை ஆண்டு 1978-79. நிஃப்டியின் அடிப்படை நாள் 1995 நவம்பர் 3. அதாவது நிஃப்டியின் வரலாற்றில் முழுதாக முப்பது ஆண்டு ஓய்வு என்று எடுத்தால் ஒன்றுதான் தேறும். 1996இல் தொடங்கும் முப்பதையும் 1997இல் தொடங்குவதையும் இரண்டாக எண்ண முடியாது, இரண்டிலும் இருபத்தொன்பது ஆண்டுகள் பொது. “இந்தியச் சந்தையில் நீண்ட காலத்தில் 12 சதவீதம் நிச்சயம்” என்று யாராவது சொன்னால், அந்த நிச்சயம் இந்த ஒரே ஒரு முப்பதாண்டிலிருந்து வருவது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பானையிலிருந்து ஓலை எடுத்தல்

வரலாறு போதாதபோது என்ன செய்வது? நடந்த ஆண்டுகளைக் கலைத்துப் போட்டு, நடந்திருக்கக்கூடிய வரலாறுகளை உருவாக்கலாம். உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு ஆண்டுக்கும் ஓர் ஓலை. அதில் அந்த ஆண்டின் முதலீட்டு வருவாயும் அதே ஆண்டின் பணவீக்கமும் எழுதியிருக்கும். இரண்டையும் ஒரே ஓலையில் எழுதுவது முக்கியம், ஏனென்றால் அவை சேர்ந்தே நம்மைத் தாக்குகின்றன. பானையைக் குலுக்கி ஓர் ஓலை எடுத்து, அதன்படி கமலாவின் முதல் ஆண்டைக் கணக்கிட்டு, ஓலையைத் திரும்பப் போட்டு, மறுபடி குலுக்கி அடுத்த ஆண்டுக்கு எடுக்க வேண்டும். முப்பது முறை எடுத்தால் ஒரு வாழ்க்கை முடியும். இப்படிப் பத்தாயிரம் வாழ்க்கைகளைக் கணினியில் ஓட்டி, எத்தனையில் 90 வயது வரை பணம் வந்தது என்று எண்ணினால் கிடைப்பதுதான் வெற்றி வாய்ப்பு.

இந்த உத்தி பிறந்தது 1946இல். கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம் நோயிலிருந்து தேறிவந்த நாட்களில் தனியாகச் சீட்டாடிக்கொண்டிருந்தார். ஆட்டம் வெற்றியாக முடியும் வாய்ப்பு எவ்வளவு என்று சூத்திரம் போட்டுப் பார்த்து அலுத்து, நூறு முறை ஆடி எண்ணிப் பார்த்தால் என்ன என்று யோசித்தார். அவரும் ஜான் ஃபான் நாய்மனும் அதை அணு ஆயுத ஆய்வில் நியூட்ரான்களின் போக்கைக் கணிக்கப் பயன்படுத்தினர். சூதாட்ட விடுதிக்குப் பேர்போன மான்டி கார்லோவின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

கமலாவுக்கு இதைப் பொருத்துவோம். பணத்தில் 40 சதவீதம் பங்கு ஃபண்டுகளிலும் மீதி வைப்புகளிலும் இருப்பதாகவும், உண்மை வருவாய் நடுத்தரமாக 1.9 சதவீதம் என்றும், பெரும்பாலான ஆண்டுகளில், அதாவது மூன்றில் இரண்டில், அந்த நடுவிலிருந்து 10 சதவீதம் மேலோ கீழோ உள்ள எல்லைக்குள் ஆடும் என்றும் கொள்கிறேன். இந்த அனுமானத்தில் விடை இப்படி வருகிறது. கால்குலேட்டர் சொன்ன 1.39 கோடியோடு ஓய்வு பெற்றால் 90 வயது வரை தாங்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்றுக் குறைவு. 1.8 கோடி இருந்தால் ஐந்தில் நான்கு. 2.1 கோடி இருந்தால் பத்தில் ஒன்பது.

இவற்றில் முதல் விடையைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். சராசரியை வைத்துக் கணக்கிட்ட தொகை, இரண்டில் ஒருவருக்குப் பாதியிலேயே தீர்ந்துபோகும் தொகை. இது தற்செயல் அல்ல. வருங்காலங்களில் ஏறக்குறைய பாதி நடுவுக்குக் கீழேதான் விழும், நடு என்பதன் பொருளே அதுதான். சராசரியோடு இன்னும் 40 லட்சம் சேர்த்தால் பாதுகாப்பு வேகமாக ஏறுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் விலை கூடிக்கொண்டே போகிறது. நூற்றுக்கு நூறு என்ற தொகையே கிடையாது.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன 1.8 கோடி இங்கே மீண்டும் வருகிறது. பணவீக்கத்தை மட்டும் உறுதியாக ஈடுகட்டும், அதற்கு மேல் ஒன்றும் தராத ஒரு சேமிப்பு இருந்தால், அதே 1.8 கோடி முழு உறுதியோடு முப்பது ஆண்டு வந்திருக்கும். அமெரிக்க அரசு 1997 முதல் அப்படிப்பட்ட பத்திரங்களை விற்கிறது. இந்தியாவிலும் ரிசர்வ் வங்கி 2013இல் பணவீக்கத்தோடு இணைந்த பத்திரங்களை வெளியிட்டது. வாங்குவோர் அதிகம் வரவில்லை, திட்டம் தொடரவில்லை. ஓய்வு பெறுவோருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறில்லை. அதை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

பானை முறைக்கும் எல்லைகள் உண்டு. பானையில் இல்லாத ஓலை கைக்கு வராது. ஜப்பானின் 34 ஆண்டுகள் போன்ற ஒன்று நிஃப்டியின் பானையில் இல்லை. ஒவ்வோர் ஓலையாகத் தனித்தனியே எடுத்தால் 1973, 74 போன்று கெட்ட ஆண்டுகள் கைகோத்து வருவதும் கலைந்துபோகும். அதனால் சிலர் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளை ஒரே கட்டாகக் கட்டிப் போடுகிறார்கள். நான் கொண்ட 1.9ஐயும் 10ஐயும் சற்று மாற்றினாலும் விடைகள் நகரும். “வெற்றி வாய்ப்பு 87.3 சதவீதம்” என்று ஒரு மென்பொருள் காட்டினால் அந்தப் புள்ளிக்குப் பின்னுள்ள எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம். பத்தில் எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே எங்கோ இருக்கிறது என்பதற்கு மேல் அந்தக் கணக்கால் சொல்ல முடியாது.

இன்னும் ஓய்வு பெறாதவருக்கும் இதே எண்கள்தான், இன்றைய ரூபாயில். இன்று 45 வயதானவர் 60இல் ஓய்வு பெற விரும்பினால், 6 சதவீதப் பணவீக்கத்தில் 15 ஆண்டுகளுக்கு எல்லாமே 2.4 மடங்காகும். இன்றைய 2.1 கோடி அன்றைக்கு 5 கோடி. வாட்ஸப்பில் ஒருவர் 2 கோடி என்றும் இன்னொருவர் 5 கோடி என்றும் சண்டையிடுவதில் பாதி, எந்த ஆண்டின் ரூபாயில் பேசுகிறோம் என்று சொல்லாததால் வருவது.

மூன்று ஆண்டு கழித்து

கணக்கை ஒருமுறை போட்டுவிட்டு முப்பது ஆண்டுகள் மறந்துவிடுபவர் யாருமில்லை. நிஜத்தில் கமலா ஆண்டுதோறும் பார்ப்பார், தேவைப்பட்டால் செலவைக் குறைப்பார். அது எவ்வளவு உதவும்?

1.39 கோடியோடு தொடங்கி மோசமான மூன்று ஆண்டுகளை முதலில் சந்தித்த கமலா, முதல் சரிவைப் பார்த்த உடனேயே, இரண்டாம் ஆண்டிலிருந்து சிக்கனம் செய்கிறார் என்று வைப்போம். 90 வயது வரை வர அவர் செலவை மாதம் 33,000க்கு இறக்கி, கடைசி வரை அங்கேயே நிற்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு வெட்டு. வாடகையும் மருந்தும் மளிகையும் போக அந்த வெட்டுக்கு இடம் இருக்கிறதா என்பது குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். 1.8 கோடியோடு தொடங்கியிருந்தால் அதே மோசமான வரிசையில் செலவை மாதம் 43,000க்கு இறக்கினால் போதும். 2.1 கோடி என்றால் எதையும் குறைக்காமலே 90 வந்துவிடும், கடைசியில் சில லட்சங்கள்தான் மிஞ்சும். தொடக்கத்துத் தொகையும் செலவைக் குறைக்கும் வசதியும் ஒன்றுக்கொன்று ஈடு. வெட்ட முடியாத செலவு அதிகம் உள்ள வீட்டுக்குக் கூடுதல் நிதி வேண்டும். பயணமும் விழாவும் அன்பளிப்புமாக நெகிழ்வான செலவு உள்ள வீடு குறைந்த நிதியில் தொடங்கலாம். ஆகவே “எத்தனை மடங்கு” என்று கேட்பதற்கு முன், மாதச் செலவில் எதை எல்லாம் தொட முடியாது என்று தனியே கூட்டிப் பார்க்க வேண்டும்.

2.1 கோடி வைத்திருந்த கமலாவையே 63 வயதில் மீண்டும் பார்ப்போம். மூன்று மோசமான ஆண்டுகள் முடிந்துவிட்டன. இன்றைய ரூபாயில் 1.29 கோடி இருக்கிறது. கடைசியில் செழிப்பான ஆண்டுகள் வரப்போகின்றன என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. எஞ்சிய 27 ஆண்டுகளுக்குப் பானையை மீண்டும் குலுக்கினால், பத்தில் ஒன்பது என்று தொடங்கிய வாய்ப்பு பாதிக்குப் பாதியாக இறங்கியிருக்கிறது. ஆண்டுச் செலவை 6 லட்சத்திலிருந்து 5 லட்சமாக்கினால் அது பத்தில் ஏழுக்கு ஏறுகிறது. 65 வயதில் சந்தை மீண்டிருந்தால் மறுபடி 6க்குப் போகலாம், மீளாவிட்டால் இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டியிருக்கும். இந்தக் கணக்கை அவர் ஆண்டுதோறும், அன்றைய கையிருப்பையும் எஞ்சிய ஆண்டுகளையும் வைத்து, முதலிலிருந்து போட வேண்டும். குறிப்பாக முதல் பத்து ஆண்டுகளில்.